பிடித்து வைக்கும் மண்ணும் கொடுக்கும் மண்ணும்

வன்னியில் ஏழாந்தரப் பிள்ளைகளிடம் மணல், களி, இருவாட்டி மூன்றில் எது தண்ணீரைக் கூடப் பிடித்து வைக்கும் என்று கேட்டால், யோசிக்காமலே பதில் வரும். முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளைக்கு, கிணற்றடியில் ஊற்றிய தண்ணீர் வாளியைக் கீழே வைக்கமுன்னமே மணலுக்குள் மறைவது தெரியும். இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு, பலகை அடித்த வயலில் தண்ணீர் கட்டி நிற்பது தெரியும். வவுனியாப் பக்கத்துப் பிள்ளைக்கு, உழுந்து விதைத்த செம்மண் மழை விட்டதும் எவ்வளவு கெதியாக இறுகும் என்பது தெரியும். "களிதான் ரீச்சர்" என்று முழு வகுப்பும் சொல்லிவிடும்.

அப்படியென்றால் மூன்று போத்தல்களை வெட்டி, மண் நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் காட்டுவதால் என்ன பயன்? கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தரம் 6 முதல் 9 வரை விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பாடவேளைக்குள் முடித்துவிடும் போத்தல் பரிசோதனை பிள்ளைக்குத் தெரிந்ததையே திரும்பக் காட்டுகிறது. அதோடு ஒரு பிழையான முடிவையும் கையில் கொடுத்து அனுப்புகிறது: களி கூடப் பிடிக்கிறது, ஆகவே பயிருக்குக் களிதான் நல்லது. அந்த முடிவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, அப்பா ஏன் மிளகாயைக் களியில் நடாமல் ஆற்றோரத்து மண்ணில் நடுகிறார் என்று விளங்காமலே இருக்கும். அதே போத்தல்களை வீசாமல் இன்னும் சில கிழமைகள் வைத்திருந்து, பயறு முளைக்கவிட்டு, தராசில் நிறுத்துப் பார்த்தால்தான் பாடம் முழுமையாகும். அதை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மண். புத்தகத்தில் மூன்று மண் என்று இருந்தாலும், பிள்ளைகளை மண் எடுத்துவரச் சொன்னால் மூன்று பைகளிலும் ஏறத்தாழ ஒரே முற்றத்து மண்தான் வரும். அதைவிட முக்கியமாக, வன்னியில் பிள்ளைகளிடம் "எங்கேயாவது போய்க் கிண்டிக்கொண்டு வா" என்று சொல்லக்கூடாது. 2009க்குப் பிறகு மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்த மண் இது. சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்பிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தாலும், பாடத்துக்காக ஒரு குழிகூட அவர்கள் புதிதாகத் தோண்டக்கூடாது என்பது என் விதி. மண்ணை நானே எடுப்பேன், அல்லது பெற்றோரிடம் கேட்டு வாங்குவேன். அதுவும் போன போகத்தில் பயிர் நின்ற நிலத்தில் மட்டும்.

மணலுக்கு முல்லைத்தீவுக் கரையோரத்துத் தோட்டம் ஒன்று. கடற்கரையிலேயே அள்ளினால் உப்பு இருக்கும், பிறகு பயறு முளைக்காது. கச்சான் நட்ட தோட்டத்து மணலில் அந்தத் தொல்லை இல்லை. களிக்கு, கோடையில் வற்றிக் கிடக்கும் நெல்வயல். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதைப் பெயர்த்து எடுக்கலாம். இருவாட்டிக்கு, ஆற்றோர வாழைத்தோட்டத்து வண்டல். செம்மண்ணை இருவாட்டி என்று வைத்துக்கொள்ளலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்டதுண்டு. நம்முடைய செங்கபில மண்ணில் இடத்துக்கிடம் மணலும் களியும் கூடிக் குறையும். ஆகவே கண்ணால் பார்த்துப் பெயர் வைப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கைச்சோதனை எளிது. ஈரமாக்கிய மண்ணை உள்ளங்கையில் உருட்டித் திரித்துப் பார்க்க வேண்டும். மணல் திரியாது. களி நீளத் திரியும், வளைத்து மோதிரமாகவும் மூட்டலாம். இருவாட்டி திரியும், ஆனால் வளைக்கும்போது உடையும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஜாம் போத்தல் ஒன்றில் மூன்றிலொரு பங்கு மண்ணும் மிச்சத்துக்குத் தண்ணீரும் ஒரு சிட்டிகை சலவைத்தூளும் போட்டு நன்றாகக் குலுக்கி மேசையில் அசையாமல் வைக்கலாம். மணல் முதலில் கீழே இறங்கும். 10 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீரில் 0.02 மில்லிமீற்றர் துணிக்கை அடியைத் தொட ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். 0.002 மில்லிமீற்றர்க் களித்துணிக்கைக்கு ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் ஆகும். ஆகவே ஐந்தாம் நிமிடத்தில் ஒரு கோடும் மறுநாள் காலை இன்னொரு கோடும் போத்தலில் கீறினால், மணல் எவ்வளவு, அடையல் எவ்வளவு, களி எவ்வளவு என்று பிள்ளைகளே அளந்து சொல்வார்கள். மூன்றும் கலந்து, களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் நின்றால் அதை இருவாட்டி என்று எடுத்துக்கொள்வோம். களியும் மணலும் போல இருவாட்டி தனியான ஒரு பொருள் இல்லை, அது ஒரு கலப்பு என்பதும் அந்தக் கோடுகளைப் பார்த்தால் சொல்லாமலே விளங்கும்.

இனி உலர்த்தல். மூன்று மண்ணையும் சாக்கில் பரப்பி வெயிலில் காயவிட வேண்டும். இதைச் சோளகம் வீசும் இரண்டாந் தவணையில் செய்தால் சில நாளில் முடியும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு முயன்றால் களி காயவே காயாது. காய்ந்த களிக்கட்டிகளை மரத்துண்டால் தட்டித் தூளாக்கி மா அரிதட்டில் அரிக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டால் பரிசோதனை தலைகீழாகிவிடும். கட்டியாகக் கிடக்கும் காய்ந்த களியைப் போத்தலில் போட்டுத் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் கட்டிகளுக்கு இடையிலும் போத்தல் சுவரோரமாகவும் ஓடிக் கீழே வந்துவிடும். மணலைவிடக் களி கெதியாக ஒழுகியது என்று பிள்ளை எழுதும். அப்படி நடந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க வழியுண்டு. முதல் நிமிடத்திலேயே கலங்கல் தண்ணீர் வேகமாக வரும். பிறகு மண்ணைக் கொட்டிக் கட்டியை உடைத்தால் நடுவில் காய்ந்தபடி இருக்கும்.

போத்தலுக்கு ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் போதும். பெரும்பாலான புத்தகப் படங்களில் போத்தலை நடுவால் வெட்டி, மேல்பாதியைக் கவிழ்த்துக் கீழ்ப்பாதிக்குள் செருகியிருப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. வழிந்த தண்ணீர் உயர்ந்து போத்தலின் வாயைத் தொட்டால் மண் அதைத் திரும்ப உறிஞ்சிவிடும், கணக்குப் பிழைக்கும். அடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய விளிம்பில் இரண்டு துளை இட்டுக் கயிறு கட்டி, இரண்டு மேசைக்கு இடையே வைத்த தடியில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். வாயில் ஒரே பழைய வேட்டியில் வெட்டிய துண்டுத் துணி, அதைச் சுற்றி இறப்பர் வளையம். ஒரு போத்தலுக்கு வேட்டித் துணியும் மற்றதுக்குச் சாக்குத் துணியும் என்று வைத்தால் நாம் மண்ணைச் சோதிக்கவில்லை, துணியைத்தான் சோதிக்கிறோம்.

ஒவ்வொன்றிலும் 500 கிராம் காய்ந்த மண். அளவைக் கனவளவாக எடுப்பதா நிறையாக எடுப்பதா என்று பிள்ளைகளிடமே கேட்பேன். ஒரே கோப்பையால் அளந்து போட்டால் மணல் பாரமாகவும் தூளாக்கிய களி இலேசாகவும் இருக்கும். பின்னால் எல்லாவற்றையும் தராசில் நிறுக்கப் போகிறோம் என்பதால் நிறையே வசதி. போத்தல், துணி, கயிறு, காய்ந்த மண் எல்லாம் சேர்ந்த நிறையைப் போத்தலிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த எண்தான் இறுதிவரை நம்முடைய தொடக்கப் புள்ளி. ஆய்வுகூடத்தில் அளவுச்சாடி இல்லாத காலத்தில் கோடு போட்ட பால்போத்தல் ஒன்றால் அளந்தோம். அதில் 10 மில்லிலீற்றர் வித்தியாசம் நன்றாகத் தெரியும், இந்தப் பாடத்துக்கு அது போதும்.

பிறகு 300 மில்லிலீற்றர் தண்ணீர். ஒரேயடியாக ஊற்றாமல் சிறிது சிறிதாக, மேல்மண் குழியாகாமல் ஒரு இலையின் மேல் விட வேண்டும். மணலில் ஊற்றி முடிக்கமுன்னமே கீழே சொட்டத் தொடங்கும். இருவாட்டி சற்று யோசித்துவிட்டுச் சொட்டும். களியின் மேல் தண்ணீர் குளமாக நிற்கும்.

ஒரு வகுப்பில் கிடைத்த கணக்கை எடுத்துக்கொள்கிறேன். மற்ற ஆண்டுகளிலும் மண்ணுக்கேற்பக் கொஞ்சம் கூடிக் குறைந்ததே தவிர வரிசை மாறவில்லை. 40 நிமிடப் பாடவேளை முடிகிறபோது மணலிலிருந்து 200 மில்லிலீற்றர் வந்திருந்தது, இருவாட்டியிலிருந்து 95, களியிலிருந்து 20. அந்த நேரத்தில் நிறுத்திவிட்டால் களி 280 மில்லிலீற்றர் பிடித்தது என்று எழுத வேண்டி வரும். அது சரியில்லை, ஏனென்றால் களி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆவியாகாமல் மேலே பொலித்தீன் மூடி மறுநாள் வரை விட்டோம். அப்போது மணலின் கணக்கு 205, இருவாட்டி 130, களி 60. ஊற்றியதிலிருந்து வழிந்ததைக் கழித்தால், மணல் பிடித்தது 95, இருவாட்டி 170, களி 240 மில்லிலீற்றர்.

தண்ணீர் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதும், கடைசியில் எவ்வளவு தங்குகிறது என்பதும் இரண்டு வேறு கணக்குகள். முதலாவதை மணிக்கூடு சொல்லும், இரண்டாவதைத் தராசு சொல்லும். ஒரு பாடவேளைக்குள் முடிக்கிற வகுப்பில் இவை இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு சென்ரிமீற்றர்க் கனவுருவின் வெளிமேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே ஒரு மில்லிமீற்றர்க் கனவுருக்களாக வெட்டினால் ஆயிரம் துண்டு, மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்ரிமீற்றர். துண்டு சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் துணிக்கைகளின் மேற்பரப்பில் படலமாக ஒட்டியும் அவற்றுக்கிடையேயான நுண்ணிய துளைகளிலுமே தங்குகிறது. மணலில் துளைகள் பெரிது, ஆகவே ஈர்ப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும். களியில் துளைகள் மிக நுண்ணியவை, மேற்பரப்போ பெரியது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அடுத்த கேள்வியைத் தானே கேட்டுவிடும்: "அப்ப அவ்வளவு இறுக்கிப் பிடிச்சால் வேர் எப்பிடி ரீச்சர் இழுக்கும்?" அந்தக் கேள்வி வகுப்பிலிருந்து வரும்வரை பயறைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

அதற்கு முன் மணல் போத்தல் நம்மை ஏமாற்றும் ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். 500 கிராம் மணலில் 95 மில்லிலீற்றர் என்றால் நூற்றுக்கு 19. கரையோரத் தோட்டத்தில் தண்ணீர் கட்டி மறுநாள் மணலைத் தோண்டிப் பார்க்கிற எவரும் இதை நம்பமாட்டார்கள், அங்கே அதில் பாதிகூட இராது. காரணம் போத்தலின் வாய். அங்கே மண் முடிகிறது, கீழே காற்றுத்தான். துளைகளில் நிற்கும் தண்ணீர் துணியைத் தாண்டிக் காற்றுக்குள் தானாக விழாது. அதனால் அடிப்பகுதி சில சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நிறைந்தே நிற்கும். நிலத்தில் கீழேயும் மண் தொடர்கிறது, அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதைக் காட்டுவதற்கு ஒரு கீலம் துணி போதும். ஒரு விரல் அகலமான பருத்தித் துணிக் கீலத்தை நனைத்து, ஒரு முனையை வாய்த்துணியோடு இறுக்கிக் கட்டி, மறுமுனை 30 சென்ரிமீற்றர் கீழே தொங்கும்படி விட வேண்டும். சொட்டு நின்றுபோன மணல் போத்தல் திரும்பவும் சொட்டத் தொடங்கும். நம்முடைய வகுப்பில் மேலும் 40 மில்லிலீற்றருக்கு மேல் வந்தது. இருவாட்டியிலிருந்து கொஞ்சம் வந்தது, களியிலிருந்து வந்தது கோப்பையின் அடியை நனைக்கிற அளவுதான். தொங்கும் கீலத்திலுள்ள தண்ணீர் மேலே உள்ளதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. பெரிய துளைகள் அந்த இழுப்புக்கு விட்டுக்கொடுக்கும், நுண்ணிய துளைகள் கொடுக்காது. கீலம் கட்டிய பிறகு எடுத்த நிறையைத்தான் மணலின் உண்மையான பிடிப்பு என்று எழுதச் சொல்வேன். அதன்படி மணலில் தங்கியது 50 மில்லிலீற்றர், இருவாட்டியில் 160, களியில் 235. நிலத்தில் ஈர்ப்புத் தண்ணீர் வடிந்த பின் எஞ்சுவதை வயற்கொள்ளளவு என்று பெரிய வகுப்பில் படிப்பார்கள். இந்தக் கணக்கு அதற்குக் கிட்ட வருகிறது.

இப்போது பயறு. போத்தலின் வாயை அதன் மூடியாலேயே அடைத்துவிட்டு, ஊறவைத்த பயறு விதைகளை விதைத்து, முளைத்த பின் ஒவ்வொன்றிலும் மூன்று செடியை மட்டும் விட வேண்டும். வெளிச்சம் வேரில் படாமலும் உட்புறம் பாசி பிடிக்காமலும் இருக்கப் போத்தலைச் சுற்றிப் பழைய பேப்பர். மூவிலைக் கூட்டிலை விரியும்வரை மூன்றுக்கும் தண்ணீர் கொடுக்கலாம். களிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், கூட ஊற்றினால் காற்றில்லாமல் இலை மஞ்சளாகும். பிள்ளைகள் அதையும் குறித்துக்கொள்வார்கள், ஏனென்றால் துளையெல்லாம் தண்ணீர் நிறைந்த மண்ணில் வேருக்கு மூச்சில்லை என்பதும் இதே பாடத்தின் பகுதிதான்.

பிறகு தண்ணீரை நிறுத்திவிடுகிறோம். மண்ணின் மேற்பரப்பைக் கீறல் போட்ட பொலித்தீனால் மூடித் தண்டைச் சுற்றி ஒட்டிவிட வேண்டும், இனிப் போகிற தண்ணீர் செடி வழியாக மட்டுமே போக வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிறை. தொடக்கத்தில் எழுதி வைத்த எண்ணையும் பிறகு சேர்த்த மூடி, பேப்பர், பொலித்தீன் ஆகியவற்றின் நிறையையும் கழித்தால் மண்ணில் மிஞ்சிய தண்ணீர் கிராமில் கிடைக்கும். ஒரு கிராம் ஒரு மில்லிலீற்றர்தான். மூன்று சின்னச் செடிகளின் பாரம் சில கிராம்தான், அதை விட்டுவிடலாம்.

மதிய வெயிலில் இலை தொங்கியதும் பிள்ளைகள் "செத்துப்போச்சு" என்று ஓடிவருவார்கள். அதை நம்பக்கூடாது. தொங்கிய செடியை இரவு முழுக்க ஈரச்சாக்கு மூடிய வாளிக்குள் வைக்க வேண்டும். காலையில் நிமிர்ந்திருந்தால் மண்ணில் இன்னும் எடுக்கத்தக்க தண்ணீர் இருக்கிறது என்று பொருள், திரும்பவும் வெளியே வைக்கலாம். நிமிராமல் கிடந்தால் அந்தக் காலை நிறைதான் நமக்கு வேண்டியது. நிரந்தர வாடற் புள்ளி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த லைமன் பிரிக்ஸ், ஹோமர் ஷான்ட்ஸ் இருவரும் 1912இல் வெளியிட்ட ஆய்வில் பல வகைப் பயிர்களை இப்படித்தான் மேற்பரப்பை மெழுகால் அடைத்து வாடவிட்டுப் பார்த்தார்கள். எந்தப் பயிர் என்பதைவிட எந்த மண் என்பதுதான் அந்தப் புள்ளியைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். நம்முடைய சோடாப் போத்தலும் பயறும் அவர்களுடைய முறையின் ஏழைப் பதிப்பு.

மணல் செடி முதலில் வாடியது. அப்போது அந்த மண்ணில் மிஞ்சியது 15 மில்லிலீற்றர், கையில் எடுத்தால் உதிரி மணல். இருவாட்டிச் செடி நெடுநாள் தாங்கி, 45 மில்லிலீற்றர் மிஞ்சியபோது வாடியது. களிச் செடியும் நெடுநாள் தாங்கியது. அது நிமிராமல் கிடந்த காலையில் மண்ணில் 115 மில்லிலீற்றர் இருந்தது. வகுப்பு வாயடைத்துப்போவது இந்த இடத்தில்தான். போத்தலைக் கிழித்து அந்தக் களியைக் கையில் கொடுத்தால் அது குளிரும், நசிக்கலாம்போல இருக்கும். செடியோ தண்ணீரில்லாமல் வாடிக் கிடக்கிறது. "சங்கக்கடையில சாமான் கிடக்கு ரீச்சர், ஆனா எங்களுக்குத் தரமாட்டினம்" என்று பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன் சொன்னான். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

இப்போது கரும்பலகையில் இரண்டாவது கழித்தல். மணல் 50இல் 15 போக, செடிக்குக் கொடுத்தது 35. இருவாட்டி 160இல் 45 போக 115. களி 235இல் 115 போக 120. பிடிப்பில் இருவாட்டியைவிட 75 மில்லிலீற்றர் முன்னால் நின்ற களி, கொடுப்பதில் 5 மில்லிலீற்றர்தான் முன்னால். பால்போத்தல் அளவில் 5 மில்லிலீற்றர் என்பது பிழைக்குள் அடங்கிவிடும். வேறு களியை எடுத்தால் அது இருவாட்டியைச் சற்று முந்தலாம், பிந்தவும் செய்யலாம். களியை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கூடப் பிடிப்பதெல்லாம் கூடக் கொடுப்பதில்லை என்பதைத்தான் இந்தக் கழித்தல் சொல்கிறது.

இந்த எண்களை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. தூளாக்கி அரித்த மண்ணில் நிலத்து மண்ணின் கட்டமைப்பு இல்லை, புழுத்துளையும் பழைய வேர்த்துளையும் இல்லை. ஆனால் வரிசையைக் கொண்டுபோகலாம். நீர்ப்பாசனக் கையேடுகள் ஒரு மீற்றர் ஆழ மண் பயிருக்குக் கொடுக்கக்கூடிய தண்ணீரை மில்லிமீற்றரில் சொல்கின்றன. மணலுக்கு 60 அளவில், இருவாட்டிக்கு 150 அளவில் என்று எடுத்துக்கொண்டால், 30 சென்ரிமீற்றர் வேர் ஓடும் பயிருக்கு மணல் 18 மில்லிமீற்றர் கொடுக்கும், இருவாட்டி 45. கோடையில் பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் குடிக்கிறது என்றால் மணல் நான்காம் நாளே வெறுமையாகும், இருவாட்டி ஒன்பது நாள் தாங்கும். கரையோரத் தோட்டக்காரர் ஒன்றுவிட்டொருநாள் கொஞ்சமாகத் தண்ணீர் கட்டுவது ஏன் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. அவர் ஒரேயடியாகக் கட்டினால் மிஞ்சியது வேருக்குக் கீழே போய்விடும், போட்ட பசளையும் அதோடு போகும்.

நம்முடைய மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டி முடிகிறது. நெல் வெட்டிய பிறகு வயலில் மிஞ்சிய ஈரத்தை நம்பிப் பயறு போடுகிறவர் நம்புவது மண் பிடித்ததை இல்லை, கொடுப்பதை. ஈரமாகத் தெரிகிற களி வயலில் பயறு வாடுகிறபோது "ஈரம் கிடக்குத்தானே" என்று பார்த்துக்கொண்டிருந்தால் பயிர் போய்விடும். இன்னொன்றும் போத்தலில் தெரிந்தது. வாடிய நிலையில் களி சுருங்கிப் போத்தல் சுவரைவிட்டு விலகி நிற்கும். அந்த நேரம் தண்ணீர் ஊற்றினால் இடைவெளி வழியாக நேரே அடிக்குப் போய்விடும். வெடித்த வயலுக்கு முதல் தண்ணீர் கட்டுகிறபோது நடப்பதும் இதுதான். வெடிப்பு மூடும்வரை மெதுவாகக் கட்ட வேண்டும் என்று தகப்பன் சொல்வதன் காரணத்தைப் பிள்ளை போத்தலில் கண்டுகொள்ளும்.

இந்தப் பாடத்தை எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணையில் வழமையாக மூன்று நிரல்கள் இருக்கும்: ஊற்றியது, வழிந்தது, தங்கியது. அதோடு நான்காவதாக "செடி வாடியபோது மிஞ்சியது" என்றும் ஐந்தாவதாக "செடிக்குக் கிடைத்தது" என்றும் இரண்டு நிரல்களைக் கோடு போட்டு வெறுமையாக விடுங்கள். அவற்றை நிரப்பச் சில கிழமைகள் பிடிக்கும், தவணைப் பரீட்சைக்கு முன் முடியாமலும் போகலாம். பரவாயில்லை. பரீட்சைத்தாளில் எந்த மண் கூடப் பிடிக்கும் என்ற கேள்விக்கு வன்னிப் பிள்ளைக்குப் பாடம் தேவையில்லை. எந்த மண் எவ்வளவு கொடுக்கும் என்ற கேள்விக்குத்தான் போத்தலும் தராசும் தேவைப்படுகின்றன.